கடல் கடந்த சம்பளமும் வீட்டுக் கடனும்
எத்தனை வருஷத்தில் தீரும்?

இருபது லட்சம் ரூபாய் கடன் வாங்கி வீடு கட்டியாகிவிட்டது. துபாயிலுள்ள பிள்ளை, கடனுக்கென்று மாதந்தோறும் இருபதாயிரம் ரூபாய் தவறாமல் அனுப்புகிறான். கடன் எப்போது தீரும்? இந்தக் கேள்வியைத் திண்ணையில் நாலு பேரிடம் கேட்டால், மூன்று பேர் உடனே விரல் விட்டு எண்ணி, “நூறு மாதம், எட்டு வருஷம் நாலு மாதம், வட்டிக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் சேர்த்துக் கொள்ளலாம்” என்பார்கள். வட்டி நூற்றுக்கு ஒன்பது என்றால் உண்மையான விடை பதினைந்தரை வருஷம். இவர்கள் சொல்வதற்கும் அதற்கும் நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அயல் நாட்டில், குடும்பத்தை விட்டுப் பிரிந்து, நாலைந்து பேரோடு ஒரே அறையில் படுத்து எழுந்து கழிக்க வேண்டிய ஐந்து வருஷம் அது.

நம் முன்னோர் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்ச் சம்பாதித்தார்கள். இன்று நம் வாலிபர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரு காலக் கணக்கு இருக்கும்: கடனை அடைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதே அது. அந்தக் கணக்கு தவறாக இருந்தால் திரும்பும் நாளும் தவறிப் போகும். ஆகையால் அதைச் சரியாகப் போடும் வழியை இங்கே விளக்க முற்படுகிறோம். பாங்கி உத்தியோகஸ்தரையோ யந்திரத்தையோ நாட வேண்டியதில்லை. கழித்தலும் வகுத்தலும் தெரிந்த எவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வருஷத்து அதிசயம்

எங்கள் ஊரில் விவசாயி ஒருவர் சென்ற வருஷம் பாங்கிக் கணக்குத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அவருடைய பிள்ளை துபாயில் மின்சார வேலை செய்பவர். நாம் மேலே சொன்னதுதான் அவர்களுடைய கடன்.

“மாசம் இருபதாயிரம் வீதம் பன்னிரண்டு மாசம் ஒழுங்காக் கட்டியிருக்கோம், வாத்தியாரையா. ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆச்சு. ஆனா கடன் அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம்தான் குறைஞ்சிருக்கு. பாங்கியிலே எங்கேயோ தப்பா எழுதிட்டாங்களோ?” என்று கேட்டார்.

பாங்கியில் தப்பாக எழுதவில்லை. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது என்றால் மாதத்துக்கு முக்கால் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு எழுபத்தைந்து பைசா. இருபது லட்சத்துக்கு முதல் மாத வட்டி 15,000 ரூபாய். கட்டிய 20,000 ரூபாயில் இந்த வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு, மீதி 5,000 ரூபாயைத்தான் பாங்கி அசலில் கழிக்கும். அசல் பாக்கி 19,95,000 ரூபாய் ஆகும். இரண்டாம் மாதம் வட்டி அந்தப் பாக்கிக்கு மட்டுமே கணக்கிடப்படுவதால் 14,962 ரூபாய் 50 பைசாவாகக் குறையும். அசலில் கழிவது 5,037 ரூபாய் 50 பைசாவாக உயரும். இப்படியே மாதா மாதம் வட்டியின் பங்கு கொஞ்சம் தேய்ந்து அசலின் பங்கு கொஞ்சம் வளரும். பன்னிரண்டு மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால் அசலில் கழிந்தது சுமார் 62,500 ரூபாய். மீதி 1,77,500 ரூபாயும் வட்டி. பெரியவர் கொண்டுவந்த தாளில் இருந்ததும் அதே தொகைதான்.

இதனால் கடன் ஒரே சீராக இறங்குவதில்லை. ஆரம்பத்தில் நத்தையாக நகர்ந்து, கடைசியில் குதிரையாக ஓடும். பதினைந்தரை வருஷத்தில் சரிபாதிக் காலம் கழிந்தபோது அசலில் மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கும். பாக்கி பத்து லட்சமாகக் குறைவதற்கே பத்தேகால் வருஷம் ஆகிவிடும். அடுத்த பத்து லட்சம் ஐந்தேகால் வருஷத்தில் மறைந்து போகும். “பாதிக் காலம் கட்டிவிட்டோம், பாதிக் கடன் தீர்ந்திருக்கும்” என்று எண்ணிக்கொண்டு வேலையை விட்டுத் திரும்புகிறவர்கள் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

இரட்டிப்புக் கணக்கு

மேலே சொன்ன இரண்டு மாதக் கணக்கை நேயர்கள் மறுபடி ஒருமுறை கவனிக்க வேண்டும். அசலில் கழியும் தொகை 5,000 ரூபாயிலிருந்து 5,037 ரூபாய் 50 பைசாவாயிற்று. கூடிய 37 ரூபாய் 50 பைசா என்பது ஐயாயிரத்துக்கு முக்கால் வட்டி. அடுத்த மாதமும் இதே விகிதத்தில்தான் கூடும். அதாவது, அசலில் கழியும் பங்கு கூட்டு வட்டியில் வளரும் ஒரு சிறு முதலைப் போல வளர்ந்துகொண்டே போகிறது. எதுவரையில் வளரும்? கடைசித் தவணையில் வட்டி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய், இருபதாயிரம் முழுவதும் அசலுக்கே போகும் வரையில் வளரும்.

ஆகவே, “கடன் எத்தனை மாதத்தில் தீரும்?” என்ற கேள்வி, “ஐயாயிரம் ரூபாய் மாதம் முக்கால் வட்டியில் வளர்ந்து எத்தனை மாதத்தில் இருபதாயிரம் ஆகும்?” என்ற எளிய கேள்வியாக மாறிவிடுகிறது. இந்த வட்டியில் எந்தத் தொகையும் இரட்டிப்பதற்கு 93 மாதம், அதாவது ஏழே முக்கால் வருஷம் ஆகும். ஐயாயிரம் பத்தாயிரமாக 93 மாதம்; பத்தாயிரம் இருபதாயிரமாக மறுபடி 93 மாதம். இரண்டும் சேர்ந்து 186 மாதம், பதினைந்தரை வருஷம். கணக்கு முடிந்தது.

வழியைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். தவணைத் தொகையிலிருந்து முதல் மாத வட்டியைக் கழியுங்கள். வந்த மீதியால் தவணையை வகுங்கள். ஈவு எத்தனை இரட்டிப்பு என்று பாருங்கள். இரண்டு என்றால் ஓர் இரட்டிப்பு, நான்கு என்றால் இரண்டு, எட்டு என்றால் மூன்று. இடையில் வரும் ஈவுகளுக்கு இன்னோர் எண்ணை நினைவில் வைத்துக் கொண்டால் போதும்: ஒரு தொகை ஒன்றரை மடங்காக 54 மாதம் ஆகும். ஈவு மூன்று என்றால் ஓர் இரட்டிப்பும் ஓர் ஒன்றரை மடங்கும். 93-உம் 54-உம் சேர்ந்து 147 மாதம். இந்த மாத எண்கள் ஒன்பது வட்டிக்கு உரியவை. எட்டு வட்டியானால் இரட்டிக்க 104 மாதமும், பத்து வட்டியானால் 84 மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும்.

இந்த வழியால் அதே இருபது லட்சத்துக்கு வேறு தவணைகளைச் சோதித்துப் பார்ப்போம். மாதம் 30,000 கட்டினால் மீதி 15,000, ஈவு இரண்டு, ஏழே முக்கால் வருஷம். 18,000 கட்டினால் மீதி 3,000, ஈவு ஆறு, இரண்டு இரட்டிப்பும் ஓர் ஒன்றரை மடங்குமாக 240 மாதம், அதாவது இருபது வருஷம். 16,000 கட்டினால் மீதி 1,000 ரூபாய், ஈவு பதினாறு, நான்கு இரட்டிப்பு, முப்பத்தோரு வருஷம்! பதினாறாயிரத்துக்கும் பதினெட்டாயிரத்துக்கும் வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்தான். ஆனால் ஒரு மனிதனுடைய உழைக்கும் காலத்தில் அது பதினோரு வருஷம். 15,000 மட்டும் கட்டினால் மீதி பூஜ்யம்; கடன் பேரன் காலத்திலும் தீராது.

பதினாறாயிரம் கட்டுகிறவர் முடிவில் ஏறக்குறைய 59 லட்சம் கொடுத்திருப்பார். அது அசலைப் போல் மும்மடங்கு. 1938-இல் ராஜாஜியின் மந்திரி சபை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தில், அசலைப் போல் இருமடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு விதி இருந்தது. இன்றைய பாங்கி வீட்டுக் கடனுக்கு அப்படிப்பட்ட எல்லை எதுவும் இல்லை. எல்லையைக் கடன் வாங்குகிறவரேதான் வகுத்துக் கொள்ள வேண்டும்.

அனுப்புவது வேறு, கடனில் சேருவது வேறு

அயல் நாட்டில் உழைப்பவர் அனுப்புவது ரூபாய் அல்ல, திர்ஹம். நம் விவசாயியின் பிள்ளை மாதம் 1,250 திர்ஹம் அனுப்புகிறார். ஒரு திர்ஹத்துக்கு 24 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் அது 30,000 ரூபாய். இருபதாயிரம் கடனுக்கு, பத்தாயிரம் வீட்டுச் செலவுக்கு. கணக்குப் போடும்போது முப்பதாயிரத்தை எடுத்துக் கொண்டால் ஏழே முக்கால் வருஷம் என்ற பொய்யான விடைதான் கிடைக்கும். கடன் கணக்கில் போய்ச் சேரும் தொகையை மட்டுமே எடுத்துக் கொள்ள வேண்டும்.

பணம் மாற்றும் கடையின் கட்டணத்தையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் 20 திர்ஹம் போகிறது என்று வைத்துக் கொள்வோம். அது 480 ரூபாய். இந்தத் தொகை கடன் தவணையிலிருந்து குறைந்தால் கட்டுவது 19,520. அசலுக்கு மிஞ்சுவது 4,520. கடன் தீரும் நாள் பத்து மாதம் தள்ளிப் போகும். மாதத்தில் இரண்டு முறை, மூன்று முறையாகப் பிரித்து அனுப்புகிறவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். கட்டணத்தைத் தவிர, கடையில் கொடுக்கும் மாற்று விகிதம் அன்றைய சந்தை விகிதத்தைவிடச் சில பைசா குறைவாகவும் இருக்கும். ஆகையால் இரண்டு கடைகளை ஒப்பிடும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதைவிட, “இத்தனை திர்ஹம் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் சேரும்?” என்று கேட்பதே சரியான கேள்வி.

மாற்று விகிதம் ஒரே நிலையில் நிற்பதில்லை. திர்ஹத்தின் மதிப்பு 1997-ஆம் வருஷம் முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டப்பட்டிருக்கிறது; ஆகவே டாலருக்கு எதிரே ரூபாய் எப்படி அசைகிறதோ அப்படியே திர்ஹத்துக்கு எதிரேயும் அசையும். 2005-இல் ஒரு திர்ஹத்துக்குச் சுமார் 12 ரூபாய் கிடைத்தது. ரூபாயின் மதிப்பு இறங்குவது தேசத்துக்கு மகிழ்ச்சி தரும் செய்தியல்ல. ஆனால் கடனை ரூபாயில் வாங்கி, சம்பளத்தைத் திர்ஹத்தில் பெறுகிறவருக்கு அதனால் ஓர் அநுகூலம் உண்டு. விகிதம் 24-லிருந்து 25 ஆனால் அதே 1,250 திர்ஹத்துக்கு 1,250 ரூபாய் அதிகம் வரும். அதை முழுவதும் கடனில் கட்டினால் தவணை 21,250. காலம் பதினைந்தரை வருஷத்திலிருந்து பதின்மூன்று வருஷம் எட்டு மாதமாகக் குறையும். ஆனால் இந்த அதிகப் பணம் தானாகக் கடனில் போய்ச் சேராது. பாங்கி 20,000 மட்டுமே பிடித்துக் கொள்ளும். மீதி மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போய்விடும். விகிதம் உயர்ந்தபோது தவணையையும் உயர்த்தும்படி பாங்கிக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கே இந்த லாபம் கைகூடும்.

தவறிய தவணையின் விலை

வளைகுடா வேலை நிரந்தரமானதல்ல. ஒப்பந்தம் முடிந்து மறு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். கம்பெனி சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம். அப்படித் தவறிய தவணைக்கு என்ன விலை? நம் உதாரணத்தில் ஈவு நான்கு என்று கண்டோம். அந்த நான்குக்கு இன்னொரு பொருளும் உண்டு. கடன் காலம் முழுவதும் ஒரு ரூபாய் நின்றால் அது வட்டியோடு நான்கு ரூபாயாகும். ஆகவே ஆரம்பத்தில் தவறிய ஒரு தவணையைக் கடைசியில் ஈடு செய்ய நான்கு தவணை கட்ட வேண்டும். பாதிக் காலத்தில் தவறினால் இரண்டு தவணை. கடைசி வருஷத்தில் தவறினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று.

முதல் ஆறு மாதத் தவணைகளும் நின்று போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். பாக்கி 20,91,700 ரூபாயாக ஏறிவிடும்; அதற்குப் பின் ஒழுங்காகக் கட்டினாலும் கடன் தீர இருபத்தாறு மாதம் கூடுதலாகும். அபராதக் கட்டணத்தை நாம் இதில் சேர்க்கவில்லை. உண்மையில் பாங்கி ஆறு மாதம் காத்திருப்பதும் இல்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடன் பட்டியலில் சேரும். பிறகு 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைப் பாங்கி தொடங்கலாம். ஆகையால் ஆறு தவணைக்கான பணம், நம் உதாரணத்தில் 1,20,000 ரூபாய், தனியே கைவசம் இருக்க வேண்டும். அது சேரும் வரையில் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பும் யோசனையைத் தள்ளி வைப்பது உத்தமம்.

இதே கணக்கு மறு பக்கமும் வேலை செய்யும். ஆரம்பத்தில் ஒரு தவணை அதிகமாகக் கட்டினால் கடைசியில் ஏறக்குறைய நான்கு தவணை குறையும். மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்குப் பாங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிஸர்வ் பாங்கி 2012-இல் உத்தரவிட்டிருக்கிறது. முன்கூட்டிக் கட்டும்போது, “தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

வட்டி ஏறும்போது

மாறும் வட்டியுள்ள கடனில் மற்றோர் அபாயமும் மறைந்திருக்கிறது. ரிஸர்வ் பாங்கி தன் ரெப்போ வட்டியை 2022 மே மாதத்தில் 4 சதவீதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக்கியது. வீட்டுக் கடன் வட்டிகளும் கூடவே ஏறின. ஆனால் பல கடன்காரர்களுக்கு அது தெரியவே இல்லை. பாங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டி விட்டதே அதற்குக் காரணம்.

நம் உதாரணத்தில் ஆரம்பத்திலேயே வட்டி ஒன்பதிலிருந்து பத்தானால் முதல் மாத வட்டி 16,667 ரூபாய், மீதி 3,333, ஈவு ஆறு, காலம் பதினெட்டு வருஷம். துபாயிலிருந்து வரும் பணம் மாறவில்லை, பாங்கியில் பிடிக்கும் தொகையும் மாறவில்லை. இரண்டரை வருஷம் மட்டும் சத்தமில்லாமல் கூடிவிட்டது. பதினாறாயிரம் கட்டுகிறவருடைய நிலைமையோ இன்னும் மோசம். அவருடைய தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். 2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கி இதற்கு ஒரு விதி செய்தது. வட்டி மாறும்போது அதன் விளைவைப் பாங்கி கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்து கொள்ளும் உரிமையையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் பெரும்பாலும் துபாயில் இருப்பவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது. ஊரிலுள்ள பெரியவர்கள் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கணக்குத் தாளை வாங்கி, மீதமுள்ள மாதங்கள் சென்ற வருஷத்தைவிடப் பன்னிரண்டு குறைந்திருக்கின்றனவா என்று பார்த்தால் விஷயம் வெளியாகிவிடும்.

பத்து வருஷத்தில் திரும்ப வேண்டுமானால்

“எத்தனை வருஷம் ஆகும்?” என்று கேட்பதைவிட, “இத்தனை வருஷத்தில் திரும்ப வேண்டும். எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேட்பதே குடும்பத்துக்கு நல்லது. ஒன்பது வட்டியில் பத்து வருஷத்துக்கு ஒரு ரூபாய் 2.45 ரூபாயாகும். ஆகவே தவணையை அதன் அசல் பங்கால் வகுத்த ஈவு 2.45 ஆக இருக்க வேண்டும். முதல் மாத வட்டியாகிய 15,000-ஐ 2.45-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஒன்று குறைந்த 1.45-ஆல் வகுத்தால் தவணை கிடைக்கும். நுட்பமாகப் போட்டால் 25,335 ரூபாய். இப்போது கட்டுவதைவிட 5,335 ரூபாய் அதிகம். திர்ஹத்தில் சொன்னால் 222.

அந்த 222 திர்ஹத்தைச் சேர்க்காமல் இருபதாயிரமே கட்டிக்கொண்டு பத்து வருஷம் கழித்துத் திரும்பினால், அதுவரை 24 லட்சம் கட்டியிருந்தும் 10,32,000 ரூபாய் பாக்கி நிற்கும். ஊரில் கிடைக்கும் சம்பளத்திலிருந்து அதற்கு மாதம் இருபதாயிரம் கட்டுவது எளிதல்ல. விடுமுறைக்கு வந்து மறுபடி விமானம் ஏறுகிறவர்களில் பலர் இந்தப் பாக்கிக்காகவே ஏறுகிறார்கள்.

அந்த 222 திர்ஹத்தைத் துபாயில் இருப்பவர் ஒருவரே மிச்சப்படுத்த வேண்டும் என்பதில்லை. ஊரிலுள்ள குடும்பமும் தன் பத்தாயிரத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுக்கலாம். அதற்கு முதலில் இரு தரப்பாரும் ஒரே கணக்கை அறிந்திருக்க வேண்டும். பாக்கி எவ்வளவு, இந்த மாத வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்ற மூன்று எண்களும் பாங்கிக் கணக்குத் தாளில் இருக்கின்றன. அவற்றை எடுத்து, கழித்து, வகுத்து, இரட்டிப்பை எண்ணி, வந்த வருஷத்தைச் சுவரிலுள்ள காலண்டரில் குறித்து, அதையே அடுத்த கடிதத்தில் பிள்ளைக்கும் எழுதிவிட வேண்டும்.